கணக்குப்பிள்ளை பெயரில் ஒரு கறுப்புக் கட்டம்

திருத்தணியில் தங்க வேண்டும் என்று நான் இறங்கவில்லை. ரேணிகுண்டா பக்கம் ஒரு கல்குவாரியில் வேலை நின்று போனது. சென்னைக்கு டிக்கெட் எடுத்தேன், பாதியில் பசித்தது, இறங்கிவிட்டேன். மலை மேல் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டு கிழிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏழு மாதம் கிழித்தேன்.

படிப்பு ஒன்பதாவதோடு சரி. அதற்குப் பிறகு லாரி கிளீனர், ஓட்டலில் மாவு ஆட்டுபவன், சூரத்தில் தறிக்கு எண்ணெய் போடுபவன், சோளிங்கரில் ஒரு பிரவுசிங் சென்டரில் எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில்தான் தமிழ் டைப்பிங்கும், பாரம் நிரப்புவதும், மெயில் போடுவதும் வந்தது. பிற்பாடு மேடத்திடம் வேலை கிடைத்ததற்கு அதுதான் காரணம். வண்டிச் சீட்டு வாங்கியபடியே, "ஆன்லைன் வேல தெரிஞ்ச ஆளு யாராவது கீறாங்களா?" என்று கேட்டார். "நான் கீறேன்" என்றேன். என் சட்டையைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் வரச் சொன்னார்.

மேடம் நெசவாளி வீட்டுப் பெண். சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், ஆன்லைன் விற்பனைப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மலையடிவாரத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து ஆன்லைன் கோர்ஸ் நடத்தினார். நெய்கிறவர்களே தங்கள் புடவையை நேராக விற்பது எப்படி என்பது பாடம். போட்டோ எடுப்பது, விலை வைப்பது, வாங்க வருகிறவரிடம் பேசுவது, பார்சல் கட்டுவது. எட்டு வாரம். ஒரு பேட்சுக்கு முப்பது பேர். கட்டணம் உண்டு.

காசு கட்டிச் சேர யாரும் சும்மா வந்துவிட மாட்டார்கள். அதற்குத்தான் இலவச லைவ் கிளாஸ். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒன்றரை மணி நேரம். உண்மையிலேயே ஏதாவது சொல்லிக் கொடுப்பார், கடைசிப் பத்து நிமிடம் கோர்ஸ் பற்றிப் பேசுவார். கிருத்திகை வரும் ஞாயிறுகளில் மட்டும் கிளாஸ் கிடையாது. மலைக்கு வரும் கூட்டத்தில் நெட் படுத்துவிடும், மைக் முழுக்க ஒலிபெருக்கி ஏறிவிடும்.

கிளாசுக்கு வர ஒரு பாரம் நிரப்ப வேண்டும். பெயர், மெயில், கூடவே ஒரு கேள்வி: "இந்த வகுப்புக்கு ஏன் வருகிறீர்கள்?" முன்பு போன் நம்பரும் கேட்டோம். நம்பர் கேட்டால் பாதிப் பேர் பாரத்தை மூடிவிட்டுப் போனார்கள். வாட்ஸ்அப்பில் மொத்தமாகச் செய்தி அனுப்பியதில் மேடத்தின் நம்பரும் ஒருமுறை முடங்கியது. அதனால் எல்லாமே மெயில்தான். பாரம் நிரப்பியதும் ஒரு மெயில், முந்தின நாள் ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு முன் ஒன்று. கிளாஸ் முடிந்த பிறகு, கோர்ஸில் சேராதவர்களுக்கு ரெக்கார்டிங் லிங்க். இரண்டு நாள் கழித்து இன்னொரு மெயில். ஐந்தாம் நாள், இன்றோடு சேர்க்கை முடிகிறது என்று ஒன்று. எல்லாம் நேரம் குறித்து வைத்தால் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். யார் திறந்தார்கள், எத்தனை முறை திறந்தார்கள், எந்த லிங்கைத் தொட்டார்கள் என்று எனக்குத் திரையில் தெரியும்.

கிளாஸ் நடக்கும்போது என் வேலை வாசலில் நிற்பது. வருகிறவர்கள் ஒரு காத்திருப்பு அறையில் வந்து நிற்பார்கள், நான்தான் உள்ளே விட வேண்டும். மைக்கை மூடுவது, திறப்பது, சாட்டில் வரும் கேள்வியை மேடத்துக்கு எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். சீட்டு கிழித்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த ஞாயிறு நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். கேள்வி நேரத்தில் திரையில் இருந்த கட்டங்கள் ஒன்றில் கை உயர்ந்தது. பெயர் ஆண் பெயர். மைக்கைத் திறந்தேன். தறிச் சத்தம் தடதடவென்று வந்தது, அதற்கு மேல் ஒரு பெண் குரல்.

"மேடம், கேக்குதுங்களா?"

"கேக்குதும்மா. எந்த ஊரு?"

"அம்மையார்குப்பங்க. தண்ணி டேங்க் பின்னால. தறி வுட்டுட்டு வர முடியல, அதான் சத்தம்."

"பரவால்லம்மா, நம்ம ஊட்டு சத்தம்தான். சொல்லு."

"போட்டோவுல கலரு வேற மாதிரி வுழுது மேடம். ஊதாவக் காட்டுனா நீலம்னு சொல்றாங்க. வாங்கிக்கினு திருப்பிக் குடுத்துட்டா இன்னா பண்றது?"

நல்ல கேள்வி. மேடம் ஜன்னல் வெளிச்சம் பற்றி ஐந்து நிமிடம் சொன்னார். அந்தப் பெண் "ஆங், ஆங்" என்று கேட்டாள். கடைசிவரை இருந்தாள். பெண் குரலுக்கு ஆண் பெயர் வருவது எங்களுக்குப் புதிதில்லை. புருஷன் போன், மகன் போன் என்று அப்படித்தான் வருவார்கள்.

அன்று ஒன்பது பேர் காசு கட்டினார்கள். இன்னும் இருபத்தொரு இடம் பாக்கி. மேடம் இரண்டாம் மெயிலை மாற்றச் சொன்னார். கடைசிவரை இருந்தும் சேராதவர்களுக்கு, பாரத்தில் அவர்களே எழுதிய பதிலை எடுத்துப் போட வேண்டும். 'நீங்கள் எழுதியிருந்தீர்கள்' என்று தொடங்கி, அவரவர் வார்த்தை அவரவருக்கே போகும்.

"அவுங்க வார்த்தையே அவுங்களுக்குப் போனாத்தான் மனசுல பிடிக்கும்" என்றார்.

அந்த இடத்தில் பதில் தானாக வந்து விழும்படி வைத்தது நான்தான். அறுபது பதில்கள் இருந்தன. ஒன்றையும் படிக்கவில்லை. படிக்கச் சொல்லவுமில்லை.

மெயில் போனது. மறுநாள் திரையில் ஒரு முகவரி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. மற்றவர்கள் ஒருமுறை, இரண்டுமுறை திறந்திருந்தார்கள். இது பத்தொன்பது முறை. ரெக்கார்டிங் லிங்கை இரண்டுமுறை தொட்டிருந்தது. தறிச் சத்தத்தோடு பேசிய பெண்ணின் கட்டம்தான் அது.

மேடம் திரையைத் தட்டினார். "பாரு, எவ்ளோ ஆசையா கீறா. காசுக்குத்தான் தயங்குறா. ரெண்டு தவணையா கட்டலாம்னு எழுது."

எழுதினேன். அன்று மாலையே பதில் வந்தது. ஒரே வரி. 'தங்கள் வகுப்பில் அம்மையார்குப்பத்தில் இருந்து கலந்துகொண்டவர்களின் பெயர், விவரம் தெரிவிக்கவும்.'

"கூட்டாளிங்க வந்தாங்களான்னு கேக்கறா" என்றார் மேடம். "ஊரோட சேருவாங்க போல. வந்தவங்க பேரு அனுப்பிடு."

எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. 'ஆங்' என்று பேசிய வாய் 'தெரிவிக்கவும்' என்று எழுதுமா? பாரத்தைத் திறந்து அவளுடைய பதிலை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன். போனிடம் பேசி எழுத வைத்திருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது.

'தனியா நாலு புடவ நெய்ஞ்சி வெச்சிகினு கீறேன் மொதலாளிக்கு தெரியாது எப்டி விக்கிறது.'

இதைத்தான் முந்தின நாள் மெயிலில் அப்படியே போட்டு அனுப்பியிருந்தோம். மேலே வணக்கம் என்று போட்டு, அந்த ஆண் பெயரையும் போட்டு.

மேடத்திடம் காட்டினேன். "அவ எழுதினது அவளுக்குத்தானே போச்சு?" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கியது. பேர் எதையும் அனுப்ப வேண்டாம் என்றார். போன் நம்பர் எங்களிடம் இல்லை. மறுநாள் காலை நான் பஸ் ஏறினேன்.

அம்மையார்குப்பத்தில் தண்ணீர் டேங்க் பின்னால் மூன்று வீடு. நடு வீட்டில் சத்தம் அதே சத்தம். எட்டிப் பார்த்தேன். தறியில் ஊதா ஓடிக்கொண்டிருந்தது. திருத்தணியிலிருந்து, மேடம் கிளாஸ், என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் சுவிட்சை நிறுத்தி, என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். முப்பது வயது இருக்கும். உள்ளறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் எழாமலே கேட்டான்.

"இன்னாய்யா இது, மெயிலு போட்டாங்க, அது பின்னாலியே ஆளும் வருதா?"

"சும்மாரு பாவா." என்னிடம் திரும்பினாள். "யாருனா பாத்தாங்களாண்ணா நீங்க வந்தத?"

"பஸ்ல எறங்கி டேங்க் எங்கன்னு கேட்டேன். வேற இல்ல."

"யாரக் கேட்டீங்க?"

"டீக்கடைல."

அவள் ஜன்னலையும் சாத்தினாள்.

விஷயம் இதுதான். முதலாளி அவர்களுக்கு நீளவாட்டில் தறியில் ஏற்றும் பாவும், குறுக்கே ஓடும் ஊடை நூலும் கொடுப்பார், இவர்கள் கூலிக்கு நெய்து கொடுக்க வேண்டும். ஒரு பாவு தீர்ந்தால் அடுத்த பாவு அவர் கொடுத்தால்தான் தறி ஓடும். டிசைன் போட்டோ அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று போன வருடம் முதலாளியே தறிக்காரர்கள் பதினேழு பேருக்கும் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவருடைய கணக்குப்பிள்ளைதான் போனில் எல்லாவற்றையும் போட்டுத் தந்தது. பதினேழு போனிலும் அவனுடைய ஒரே மெயில், அவனுடைய பெயர். எங்கள் பாரத்தின் பெட்டியைத் தொட்டதும் போனே பெயரையும் மெயிலையும் காட்டியிருக்கிறது. அவளும் அதைத் தொட்டு நிரப்பிவிட்டாள். அது தன் போனின் பெயர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அதனால் நாங்கள் அனுப்பிய மெயில் பதினேழு போனிலும், கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டரிலும் போய் விழுந்தது. பத்தொன்பது முறை திறந்தது ஆசையால் இல்லை.

"எழுதினது யாருன்னு தெரியல அவுங்களுக்கு" என்றாள். "அதுல கீற பேரு கணக்குப்புள்ள பேரு. அதான் வூடு வூடாக் கேட்டுக்கினு கீறான். யாருட்ட தனிப் புடவ கீதுன்னு."

"நாலு புடவ எங்க?"

மேலே பார்த்தாள். பரணில், பழைய பாய்க்குள்.

"நூலு நாங்க காசு குடுத்து வாங்கினதுண்ணா. பில்லு கூட கீது. ஆனா மொதலாளி நம்ப மாட்டான். என் நூலத் திருடி நெய்ஞ்சேன்னு சொல்லுவான். சொல்லிட்டா ஆர்.கே.பேட்ட வரைக்கும் ஒருத்தன் பாவு தர மாட்டான்."

"சொல்லேன் அவருகிட்ட, நல்லா சொல்லு" என்றான் புருஷன். "ஒரு பொட்டிக் கட கூட இல்ல, அதுக்குள்ள யாவாரம்."

"உன் வாய் சும்மாவே இருக்காதா?"

"பசங்க ஃபீஸ நெனச்சா சும்மா இருக்க முடியலடி."

பால் இல்லை என்று, பையன் பிறந்த நாளுக்கு வாங்கி மிச்சமிருந்த ஆரஞ்சுப் பொடியைத் தண்ணீரில் கலக்கி எனக்குக் கொடுத்தாள். சர்க்கரை அடியில் நின்றது. கையில் டம்ளரை வைத்துக்கொண்டு எனக்கு ரெக்கார்டிங் ஞாபகம் வந்தது. அதில் இவள் குரல் இருக்கிறது. ஊர், தண்ணீர் டேங்க், ஊதா கலர், எல்லாம் இவளே சொல்லியிருக்கிறாள். லிங்கை இரண்டுமுறை தொட்டிருந்தது.

"வீடியோ நீ பாத்தியாம்மா?"

"ரெண்டு வாட்டி. கலரு சொன்ன எடம் மட்டும்."

அந்த இரண்டும் இவளே. கணக்குப்பிள்ளை இன்னும் அதைப் பார்க்கவில்லை. உங்கள் மெயிலை எங்கள் லிஸ்டிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாண்ணா. சட்டுனு நின்னா இன்னும் சந்தேகம் வரும். எனக்கும் அதுல வந்தாத்தான் தெரியும். அடுத்த கிளாசுக்கு வரேன், பேசாம கேட்டுக்கினு போறேன்."

வெளியே வந்து அங்கிருந்தே மேடத்துக்குப் போன் போட்டேன். ரெக்கார்டிங்கை எடுக்கச் சொன்னேன்.  ரெக்கார்டிங் பார்த்துச் சேருகிறவர்கள்தான் பாதி. நாளையோடு சேர்க்கை முடிகிறது. பேட்ச் நிரம்பாவிட்டால் அந்த மாடியை அவர் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

"அவ பேசின எடத்த மட்டும் வெட்டிடலாமா?"

"வெட்டிப் போட நாளாவும் மேடம். அதுவரைக்கும் எடுங்க."

எடுத்தார். நான் திருத்தணி வந்து சேரும்போது லிங்கைத் தொட்டால் ஒன்றும் வரவில்லை. வேறு யாரும் தொட்டிருக்கவும் இல்லை. பதினெட்டு பேர் சேர்ந்த அளவில் அந்த பேட்ச் ஆரம்பித்தது. மேடம் பாரத்திலிருந்த கேள்வியை எடுத்துவிட்டார். மெயிலில் ஒருவர் வார்த்தையை எடுத்துப் போடுவதையும் நிறுத்திவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அடுத்த பேட்சுக்கு இலவச கிளாஸ். பழைய லிஸ்ட் முழுக்க அழைப்பு மெயில் போனது. ஞாயிறு காலை பத்தே முக்காலுக்குக் காத்திருப்பு அறையைத் திறந்தேன். முதல் ஆளாக அந்தப் பெயர் நின்றது. கணக்குப்பிள்ளையின் பெயர்.

அவளாகவும் இருக்கலாம், அவனாகவும் இருக்கலாம். பெயர் ஒன்று, மெயில் ஒன்று. கேமரா இல்லை. உள்ளே விடாவிட்டால், அவளாக இருந்தால், எவ்வளவு பயந்து வந்திருப்பாள். விட்டால், அவனாக இருந்தால், யார் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

எல்லோருடைய மைக்கையும் மூடினேன். சாட்டில் எழுதுவது எங்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்றினேன். பிறகு உள்ளே விட்டேன். கறுப்புக் கட்டம். மற்ற கட்டங்களுக்கு நடுவில் அது அசையாமல் இருந்தது. மேடம் வெளிச்சம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அரை மணி கழித்து அந்தக் கட்டத்திலிருந்து சாட் வந்தது.

'அண்ணா நான் தான்'

 நிச்சயம் செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டால் போதும். பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்ட் மறந்தவர்களிடம் அப்படித்தான் கேட்போம். எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. அந்தக் கட்டத்துக்கு மட்டும் போகும்படி டைப் செய்தேன்.

'அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப எனக்கு என்ன குடிக்கக் குடுத்தீங்க?'

அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது.

'டீ'

அடுத்த வரி உடனே வந்தது.

'எந்த வீட்டில்'

மேடம் என் முகத்தைப் பார்த்துப் பேச்சை ஒரு நொடி நிறுத்தினார். நான் தலையாட்டினேன், தொடரச் சொல்லி. நான் பதில் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. திருத்தணியிலிருந்து ஓர் ஆள் அவர்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனான் என்று நானே சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக வீடு வீடாகக் கேட்டும் அவர்களுக்குக் கிடைக்காதது அது. இனி டீக்கடையில் கேட்டால் போதும்.

அந்தக் கட்டம் அதோடு வெளியே போய்விட்டது. கிளாஸ் நடந்தது. கடைசிப் பத்து நிமிடம் கோர்ஸ் பற்றிச் சொன்னார். சேர்க்கை லிங்கை நான் சாட்டில் போட்டேன். பதினோரு பேர் அன்றே சேர்ந்தார்கள். அதுவரைக்கும் ஒரே நாளில் அத்தனை பேர் சேர்ந்ததில்லை.

முடிந்ததும் மேடத்திடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. "ஏன் கேட்ட?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாப்பிடாமல் பஸ் ஏறினேன். அம்மையார்குப்பம் போய்ச் சேரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. டேங்க் பின்னால் மட்டும் ஓடவில்லை. நடு வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. தறியிலிருந்து பாவை இறக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பாதி நெய்த ஊதாவை அறுத்து எடுத்ததில் இழைகள் தறிச் சீப்பில் தொங்கின. பரணிலிருந்த பாய் கீழே விரிந்து கிடந்தது. சுருட்டின அடையாளம் அதில் அப்படியே இருந்தது.

அவள் அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு எழவில்லை.

"பில்லக் காட்டுனேண்ணா" என்றாள். "கணக்குப்புள்ள வாங்கிப் பாத்துட்டு மடிச்சு ஜோப்புல வெச்சிக்கினான். புடவையையும் எடுத்துக்கினாங்க."

"உங்க வீட்டுக்காரரு?"

"பின்னாலியே போய்க்கீறாரு. கால்ல வுழப் போறேன்னு." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்தாளு வாசல்ல நின்னு ஒண்ணு கேட்டாண்ணா. திருத்தணிக்காரனுக்கு இன்னாடி குடிக்கக் குடுத்தேன்னு. எப்டிண்ணா தெரிஞ்சுது அவனுக்கு?"

நான் சொன்னேன். என்ன கேட்டேன், எப்படி அனுப்பினேன், எல்லாம். வேறு யாராவது சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டாள். பக்கத்து வீட்டுத் தறி நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

"கடைசி பஸ்ஸு ஆறுக்கு" என்றாள். "போய்டுங்க. இந்த வாட்டி யாரையும் வழி கேக்காதீங்க."